அச்சில் மறையும் மயிரிழைக் கோடுகள்

கேத்திரகணிதம் பயிலத் தொடங்கும் மாணவன் முதற்கண் அறியும் செய்திகளுள் ஒன்று, கோட்டுக்கு நீளம் உண்டு, அகலம் இல்லை என்பதாகும். இது கருத்துலகிற்குப் பொருந்தும் உண்மை. தாளிற் கோடு கீறுவோர் எவராயினும் அகலமில்லாத கோட்டைக் கீறுதல் இயலாது. பென்சிலின் கூர் எத்துணை நுண்ணியதாயினும் அது இடும் கோட்டுக்கு ஓர் அகலம் உண்டு. எனினும், இன்று கணினியில் ஆக்கப்படும் வரைபுகளிலும் அட்டவணைகளிலும் அகலம் பூச்சியம் எனக் குறிக்கப்பட்ட கோடுகள் பல உள. திரையில் அவை தெளிவாகத் தோன்றுகின்றன. அச்சிட்ட தாளிலோ தேய்ந்தும், முறிந்தும், சில வேளைகளில் அறவே இல்லாதும் போகின்றன. இவற்றை அச்சுத் தொழிலோர் மயிரிழைக் கோடுகள் என்பர்.

இது அழகு பற்றிய குறை மட்டும் அன்று. நிரல்களைப் பிரிக்கும் கோடுகள் மறைந்த பெறுபேற்று அட்டவணையில் ஒருவருடைய இலக்கம் அடுத்தவருடையதாக வாசிக்கப்படலாம். அடிக்கோடு மறைந்த வரைபில் வளைகோடு எவ்வளவு உயர்ந்தது, எவ்வளவு தாழ்ந்தது என்று அளத்தற்கு இடமில்லை. நூல் அச்சாகித் தைக்கப்பட்ட பின்னரே குறை கண்ணிற்படுமாயின் அதற்குப் பரிகாரமும் இல்லை. ஆதலின், பி.டி.எவ். கோப்பில் உள்ள கோடு அச்சில் ஏன் மறைகின்றது, அதனை முன்னரே அறிவது எங்ஙனம், திருத்துவது எங்ஙனம் என்பனவற்றை ஈண்டு ஆராய்வோம்.

பூச்சிய அகலத்தின் பொருள்

பி.டி.எவ். கோப்பு ஒரு நிழற்படம் போன்றதன்று. அது பெரும்பாலும் கட்டளைகளின் தொகுதி. இன்ன அகலமுடைய கோட்டை இவ்விடத்திலிருந்து அவ்விடம் வரை இடுக என்று அது கூறும். அவ்வண்ணம் இடுவது திரையின் வேலை அல்லது அச்சுப்பொறியின் வேலை. அகலத்தைக் கூறும் அலகு பொயின்ற் எனப்படும். ஓர் அங்குலத்தில் 72 பொயின்ற் உண்டு. எனவே ஒரு பொயின்ற் ஏறத்தாழ 0.35 மில்லிமீற்றர் ஆகும்.

அகலம் பூச்சியம் என்று கட்டளையிட்டால் கோடே தோன்றாது என நாம் எதிர்பார்ப்போம். ஆனால் இக்கோப்புமுறையின் விதி வேறு. பூச்சிய அகலம் என்பதற்கு, அந்தக் கருவியால் இடக்கூடிய மிக மெல்லிய கோடு, அஃதாவது ஒரு புள்ளி அகலமுள்ள கோடு, என்பதே பொருள். ஆகவே கோட்டின் பருமனைத் தீர்மானிப்பது ஆசிரியரும் அல்லர், கோப்பும் அன்று. அதனை இடும் கருவியே. கருவி மாறக் கோடும் மாறும்.

இதனை அளவுகளாற் காண்போம். அங்குலத்திற்கு 96 புள்ளி கொண்ட கணினித் திரையில் ஒரு புள்ளி 0.26 மில்லிமீற்றர். அங்குலத்திற்கு 600 புள்ளி இடும் லேசர் அச்சுப்பொறியில் ஒரு புள்ளி 0.04 மில்லிமீற்றர். அச்சகத்தில் ஓப்செற் தகடு ஆக்கும் கருவி அங்குலத்திற்கு 2400 புள்ளி இடுமாயின் ஒரு புள்ளி 0.01 மில்லிமீற்றர். ஒரே கோப்பில் உள்ள ஒரே கோடு திரையில் இருந்ததிலும் லேசர் அச்சில் ஆறில் ஒரு பங்காகவும், தகட்டில் இருபத்தைந்தில் ஒரு பங்காகவும் மெலிகின்றது. மனித மயிரின் பருமன் பொதுவாக 0.05 முதல் 0.1 மில்லிமீற்றர் வரை இருக்கும். எனவே தகட்டில் அமையும் மயிரிழைக் கோடு உண்மையான மயிரிழையினும் பன்மடங்கு மெல்லியது. அத்தகைய கோட்டைத் தகடு தாங்குவது அரிது. தாங்கினும், மையும் நீரும் ஒருங்கே பரவும் ஓப்செற் முறையில் அது நிலைத்து மையேற்பது அரிது. சொரசொரப்பான தாளில் அது பதிவதும் இல்லை.

நயமான கருவியில் நயமாக அச்சாகும் என்னும் பொதுநம்பிக்கை இங்குத் தலைகீழாகின்றது. கருவி எத்துணை நுண்ணியதோ அத்துணை விரைவில் இக்கோடு மறையும்.

இவ்விதி எழுந்த காலத்தை நோக்கின் இதன் காரணம் விளங்கும். பி.டி.எவ். முறை 1993ஆம் ஆண்டு வெளிவந்தது. அதன் கோடிடும் விதிகள், அடோபி நிறுவனம் அதற்கு முன்னர் அமைத்த போஸ்ற்ஸ்கிரிப்ற் என்னும் அச்சுமொழியிலிருந்து வந்தவை. அம்மொழியைப் பரவச் செய்தது, 1985ஆம் ஆண்டு அப்பிள் நிறுவனம் வெளியிட்ட லேசர் அச்சுப்பொறி. அது அங்குலத்திற்கு 300 புள்ளியே இட்டது. அதில் ஒரு புள்ளிக் கோடு 0.085 மில்லிமீற்றர், மெல்லியதேனும் கண்ணுக்கு இனிய கோடு. வரைபுச் செயலிகளை ஆக்கியோர் பலர் பூச்சியம் என்று குறிப்பதில் தீங்கொன்றும் காணாமைக்கு இஃது ஒரு காரணம் எனலாம். பின்னர் கருவிகள் நுண்மையுற்றன, கோடு மெலிந்தது. பூச்சிய அகலத்தைப் பயன்படுத்துதல் விரும்பத்தக்கதன்று என்று பி.டி.எவ். முறையின் விதிநூலே எச்சரிக்கின்றது. எனினும் பழைய வரைபுகளிலும், பொறியியல் வரைதற் செயலிகள் தரும் கோப்புகளிலும் அது இன்றும் காணப்படுகின்றது.

திரை சாட்சியாகாமை

இக்குறை அச்சுக்குப் போகும் வரை மறைந்திருப்பதன் காரணம் திரையே. திரையில் எந்தக் கோடும் ஒரு புள்ளியினும் குறைந்த அகலத்துடன் ஒளிர முடியாது. மேலும் அடோபியின் வாசிப்புச் செயலியில் `Enhance thin lines` என்னும் ஒரு தெரிவு உண்டு. `Preferences` என்பதனுள் `Page Display` பகுதியில் அது காணப்படும். அது செயற்படும்போது மெல்லிய கோடுகள் யாவும் திரையில் தடித்துக் காட்டப்படும். வாசிப்பவரின் வசதிக்காக அமைந்த இது, அச்சுக்கு அனுப்புவோரை ஏமாற்றும். மறுதலையும் நிகழ்வதுண்டு: அத்தெரிவு இல்லாதவிடத்து 0.25 பொயின்ற் கருங்கோடு திரைப் புள்ளியின் மூன்றிலொரு பங்கையே நிரப்புதலால் வெளிறிய சாம்பல் நிறமாகத் தோன்றும். தாளில் அதுவே நன்றாக அச்சாகலாம்.

ஆயினும் திரையைக் கொண்டே பூச்சியக் கோட்டைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. முதலில் மேற்கூறிய தெரிவை நீக்குக. பின்னர் பக்கத்தை 800 வீதம், 1600 வீதம் எனப் பெருப்பித்து நோக்குக. எழுத்துகள் பெருத்துக்கொண்டே போகும். உண்மையான அகலமுள்ள கோடும் அவற்றோடு பெருக்கும், 0.25 பொயின்ற் கோடு 1600 வீதத்தில் ஐந்து புள்ளி அகலம் பெறும். பூச்சிய அகலக் கோடோ எவ்வளவு பெருப்பித்தாலும் ஒரே புள்ளியாகவே நிற்கும். எழுத்துடன் சேர்ந்து வளராத கோடு ஐயத்துக்குரியது.

சாம்பற் கோட்டின் கதி

அகலம் உள்ள கோடும் மறைவதுண்டு. கறுப்பு மை ஒன்றே கொண்டு அச்சிடும் கருவி சாம்பல் நிறத்தை நேரே இட முடியாது. அது சிறு கறுப்புப் புள்ளிகளை இடைவெளி விட்டு அடுக்கியே சாம்பற் சாயலைத் தோற்றுவிக்கின்றது. புதினத்தாளின் படத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கின் இப்புள்ளிகளைக் காணலாம். ஓப்செற் அச்சில் அங்குலத்திற்கு 150 வரிசை என்னும் அளவில் இப்புள்ளிகள் அமையுமாயின், ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையே 0.17 மில்லிமீற்றர் தூரம் உண்டு. அகன்ற பரப்பில் இது தெரியாது. ஆனால் கோட்டின் அகலமே 0.09 மில்லிமீற்றராயின் அது இரண்டு வரிசைகளுக்கு இடையிலேயே விழுந்துவிடக்கூடும். விழாவிடினும், முழுக்கோடாக வராது, ஆங்காங்கே சிதறிய துகள்களாக வரும். லேசர் அச்சுப்பொறியில் மைச்சிக்கன முறை செயற்படின் அத்துகள்களும் குறையும்.

எனவே மெல்லிய கோட்டுக்கு உகந்த நிறம் முழுக் கறுப்பே. நிறத்தை வெளிறச் செய்து கோட்டை அடக்கமாக்க எண்ணுவோர், நிறத்தை விடுத்து அகலத்தைக் குறைத்தல் நன்று. அவ்வகலமும் ஓர் எல்லைக்குக் கீழே இறங்கலாகாது. ஓப்செற் அச்சில் முழுக் கறுப்புக் கோட்டிற்கு 0.25 பொயின்ற், சாம்பற் கோட்டிற்கும் கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கோட்டிற்கும் 0.5 பொயின்ற் என்பன பொதுவாகக் கொள்ளப்படும் கீழெல்லைகள். இவை கோப்பிலுள்ள அளவுகள் அல்ல. தாளில் வந்து சேரவேண்டிய அளவுகள் என்பதை மறத்தலாகாது.

ஓர் எடுத்துக்காட்டு

இவற்றை ஒருங்கே காணும்பொருட்டு ஓர் அறிக்கையைக் கற்பனை செய்வோம். மழைவீழ்ச்சியும் வெப்பநிலையும் பற்றிய அவ்வறிக்கை ஏ4 தாளில் ஆக்கப்பட்டு, ஏ5 அளவுள்ள நூலாக ஓப்செற் அச்சில் வரவிருக்கின்றது. ஏ4 பக்கம் ஏ5 ஆகும்போது ஒவ்வொரு நீளமும் 0.707 பங்காகக் குறையும். கோட்டின் அகலமும் அவ்வாறே குறையும்.

அதில் மூன்று வகைக் கோடுகள் உள்ளன. முதலாவது, வேட் செயலியில் இடப்பட்ட மாதாந்த மழை அட்டவணையின் எல்லைக்கோடு, 0.5 பொயின்ற், முழுக் கறுப்பு. இரண்டாவது, எக்செல் செயலியில் ஆக்கிய நிரல் வரைபின் குறுக்குக் கோடுகள். அச்செயலியின் அண்மைப் பதிப்புகள் தாமாகவே இடும் குறுக்குக் கோடு 0.75 பொயின்ற் அகலமும், கறுப்பில் 15 வீதமே உள்ள வெளிறிய சாம்பல் நிறமும் உடையது. மூன்றாவது, பழைய வரைதற் செயலியொன்றிலிருந்து பெற்ற வெப்பநிலை வரைபின் அடிக்கோடும் நிலைக்கோடும். இவற்றின் அகலம் பூச்சியம்.

நூலில் இவை என்னாகும்? முதலாவது 0.5 × 0.707 = 0.35 பொயின்ற் ஆகும், எல்லையான 0.25க்கு மேற்பட்டு முழுக் கறுப்பாகவும் இருத்தலின் தப்பிவிடும். இரண்டாவது 0.53 பொயின்ற், அஃதாவது 0.19 மில்லிமீற்றர் ஆகும். அகலம் எல்லையைத் தாண்டியதே. ஆயினும் சாயல் 15 வீதமே ஆகலின், ஒரே வரிசைச் சிறு துகள்களாக வந்து, பார்ப்பவர் கோடென்று கொள்ளத் தயங்கும் நிலையில் நிற்கும். மூன்றாவது பூச்சியத்தை எதனாற் பெருக்கினும் பூச்சியமே. 2400 புள்ளித் தகட்டில் 0.01 மில்லிமீற்றராகி மறைந்துவிடும்.

இங்கு ஒன்று குறிப்பிடத்தக்கது. இக்கோப்பை முன்கூட்டி 600 புள்ளி லேசர் அச்சுப்பொறியில் அச்சிட்டுப் பார்த்தால், மூன்றாவது கோடு 0.04 மில்லிமீற்றராக, மெல்லியதேனும் முழுமையாக, தாளில் இருக்கும். அதனைக் கண்டு மனநிறைவு கொள்வோர் ஏமாறுவர். லேசர்ப் பார்வைப்படி அகலமுள்ள கோட்டுக்குச் சான்றாகலாம். பூச்சியக் கோட்டுக்குச் சான்றாகாது. தகட்டுக்குரிய கோப்பிலிருந்து அச்சகத்தார் தரும் பார்வைப்படியையே கேட்டுப் பெறுதல் வேண்டும்.

திருத்தமும் இக்கணக்கிலிருந்தே பெறப்படும். தாளில் வேண்டிய அகலத்தை 0.707ஆல் வகுத்தால் கோப்பில் இடவேண்டிய அகலம் கிடைக்கும். குறுக்குக் கோடு தாளில் 0.25 பொயின்றாக அமைய 0.35 பொயின்ற் என இட்டு, நிறத்தை முழுக் கறுப்பாக்குக. அடிக்கோடும் நிலைக்கோடும் தாளில் 0.5 பொயின்றாக அமைய 0.7 பொயின்ற் என இடுக. இப்போது குறுக்குக் கோடு அடங்கியும் அடிக்கோடு மேலோங்கியும் நிற்கும். வெளிறிய நிறத்தால் நாடிய பயன் அகல வேறுபாட்டால் கிடைத்துவிடும்.

திருத்தும் வழிகள்

வரைபை ஆக்கிய செயலி கைவசம் இருப்பின் அங்கேயே அகலத்தை எண்ணாற் குறித்துப் புதிய பி.டி.எவ். பெறுதலே தலைசிறந்த வழி. மெல்லியது, மிக மெல்லியது என்னும் பெயர்களை நம்பாது பொயின்றில் எண் இடுதல் வேண்டும்.

மூலக்கோப்பு இல்லாது பி.டி.எவ். மட்டும் இருப்பின் இரு வழிகள் உண்டு. அடோபி அக்ரோபாற்றின் தொழின்முறைப் பதிப்பில் `Print Production` கருவிகளுள் `Fix Hairlines` என்பது இருக்கும். இன்ன அகலத்திற்குக் கீழ்ப்பட்ட கோடுகளுக்கு இன்ன அகலம் தருக என்று அதற்கு இரு எண்கள் கொடுத்தால், குறித்த பக்கங்களில் அது மாற்றிவிடும். மாற்றியதை மீட்டல் இயலாதாகலின் பிரதியொன்றிலேயே இதனைச் செய்க.

மற்றையது இலவசமாகக் கிடைக்கும் qpdf என்னும் செயலியால் கோப்பைத் திறந்து கையாற் திருத்துவது. முதலில் கோப்பை வாசிக்கத்தக்க வடிவுக்கு மாற்றுக:

```
qpdf --qdf --object-streams=disable varaipu.pdf thirappu.pdf
```

பெறப்பட்ட கோப்பை, அதன் உள்ளீட்டைச் சிதைக்காத எளிய எழுத்துத் தொகுப்பியில் திறந்தால் கோடிடும் கட்டளைகள் இவ்வாறு காணப்படும்:

```
0 w
72 100 m
400 100 l
S
```

`w` என்பது அகலம். `m` கோடு தொடங்கும் இடம். `l` அது சேரும் இடம். `S` கோட்டை இடுக என்னும் ஆணை. `0 w` என்பதை `0.7 w` என மாற்றிச் சேமித்த பின், கோப்பின் உள்ளிலக்கங்களைச் சீர்ப்படுத்துக:

```
fix-qdf thirappu.pdf > thiruttham.pdf
```

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். `w` முன் உள்ள எண் எப்போதும் பொயின்ற் அன்று. அதற்கு மேலே `0.1 0 0 0.1 0 0 cm` போன்ற கட்டளை இருப்பின் அளவுகள் யாவும் பத்திலொன்றாகச் சுருங்கும், அப்போது 0.7 பொயின்ற் பெற `7 w` என எழுத வேண்டும். திருத்திய கோட்டை 1600 வீதத்தில் நோக்கி, அது எழுத்துடன் சேர்ந்து பெருக்கின்றதா எனச் சோதித்தால் கணக்குச் சரியா என்பது தெரிந்துவிடும்.

இவ்வழிகளுக்கும் எல்லை உண்டு. சில செயலிகள் அட்டவணை எல்லையைக் கோடாக எழுதாது, மிக ஒடுங்கிய செவ்வகமாக எழுதி மையால் நிரப்புகின்றன. வேட் செயலியும் இவ்வாறு செய்வதுண்டு. கோப்பில் அவை `re` என்னும் கட்டளையால் அறியப்படும். அவற்றுக்கு `w` பொருந்தாது; மூலக்கோப்பிலேயே எல்லையைத் தடிப்பாக்குதல் எளிது. வரைபு முழுவதும் ஒரு படமாக ஒட்டப்பட்டிருப்பின் அதில் கோடு என்று தனியே எதுவும் இல்லை. படத்தைச் சுருக்கும்போது மறைந்த கோட்டை மீட்டல் இயலாது. அத்தகைய வரைபை மீள ஆக்குவதே வழி.

அவசரத்தில் சில பிரதிகளை மட்டும் லேசர் அச்சுப்பொறியில் எடுக்க வேண்டின், அக்ரோபாற்றின் அச்சிடும் கட்டத்தில் `Advanced` என்பதனுள் `Print As Image` என்பதைத் தெரிந்து, 300 புள்ளி எனக் குறிக்கலாம். அப்போது பக்கம் முழுவதும் முதலில் 300 புள்ளிப் படமாக மாறுதலின் பூச்சியக் கோடும் 0.085 மில்லிமீற்றர் பெறும். எழுத்துகளின் விளிம்பு சற்றுக் கூர் மழுங்கும். ஆகையால் நூலச்சுக்கு இதனைக் கொள்ளலாகாது.

சுருங்கக் கூறின், அச்சுக்குப் போகும் ஒவ்வொரு கோட்டைக் குறித்தும் கேட்க வேண்டிய வினாக்கள் மூன்று: அதன் அகலம் எண்ணாற் குறிக்கப்பட்டதா? சுருக்கத்தின் பின் தாளில் அது 0.25 பொயின்றுக்குக் குறையாதா? அது முழுக் கறுப்பா? மூன்றுக்கும் ஆம் எனின் கோடு தாளில் நிலைக்கும். முதலிரண்டனுள் ஒன்றுக்கு இல்லை எனின், அச்சகத்துக்கு அனுப்புமுன் கோப்பைத் திருத்துக. மூன்றாவதற்கு மட்டும் இல்லை எனின், கோட்டைக் கறுப்பாக்குக. சாம்பலே வேண்டுமாயின் தாளில் 0.5 பொயின்றுக்குக் குறையாத அகலம் கொடுத்து, கண்ணுக்குப் புலப்படும் அளவுக்குச் சாயலையும் கடுமையாக்குக.